மார்கழி முப்பது நாள்: ஒரு வெல்ல ஆலையின் பொங்கல் திட்டம்

பொங்கலுக்கு வெல்லம் விற்பவருக்குப் பண்டிகை தை முதல் நாளில் வருவதில்லை. அதற்கு எட்டு நாள் முன்பே வந்து போய்விடுகிறது. 2026-இல் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. சென்னையில் இருக்கும் ஒருவருக்கு ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வெல்லம் பார்சலில் போய்ச் சேர வேண்டுமானால், ஜனவரி 7 புதன்கிழமைக்குள் அவர் பணம் கட்டியிருக்க வேண்டும். எட்டாம் தேதி பார்சல் கிளம்பும். பத்தாம் தேதி சனிக்கிழமை வீடு சேரும். இன்னும் மூன்று நாள் தள்ளி ஆர்டர் எடுத்தால் பார்சல் 13-ஆம் தேதி பூட்டிய வீட்டின் முன் நிற்கும். அதற்குள் அந்தக் குடும்பம் கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ பஸ் ஏறிச் சொந்த ஊருக்குப் போயிருக்கும்.

செல்போனில் பண்டிகை வியாபாரம் செய்யும் சிறு வியாபாரிகளில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். முதல் டீசரை எப்போது போடலாம் என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். கடைசி பார்சல் எப்போது கிளம்ப வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணி வந்தால், ஒரு மாதப் பதிவுகளின் வரிசை ஏறக்குறைய தானாகவே விழுந்துவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு நாள் நாளாகப் போட்டுப் பார்ப்போம். கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம், சொந்தமாக ஒரு வெல்ல ஆலை. பெரும்பகுதிச் சரக்கு மண்டிக்குப் போகிறது. மீதியை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் எடுத்து, இரண்டு கிலோ பார்சலாக நேரே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். பார்சல் கட்ட வீட்டில் மூன்று பேர். நாளுக்கு அறுபதுக்கு மேல் முடியாது. ஜனவரி 1 முதல் 7 வரை ஏழு நாளில் 420 பார்சல், அதாவது 840 கிலோ வெல்லம். ஒரு டன் கரும்புக்குத் தோராயமாக நூறு கிலோ வெல்லம் கிடைக்கும் என்று பார்த்தால், எட்டரை டன் கரும்பு. இந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் ஃபோனைக் கையில் எடுக்க வேண்டும். 420 பார்சல் மட்டுமே அனுப்ப முடிந்தவர் ஆயிரம் பேரை ஆர்டர் போட அழைத்தால், மிச்சப்படும் ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்குப் பொங்கல் வாரத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வேறெந்தப் பண்டிகைக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அதற்கு முந்தைய மாதம் முழுவதும் வெறும் காத்திருப்பு மாதமாக இல்லாமல், தன்னளவிலேயே நாள் குறித்து நடக்கும் மாதமாக இருக்கிறது. 2025-இல் மார்கழி பிறந்தது டிசம்பர் 16. மார்கழி முடிந்தது போகியன்று, ஜனவரி 14. சரியாக முப்பது நாள். விடியலில் கோலம், கோயிலில் சுடச்சுடப் பொங்கல், வைகுண்ட ஏகாதசி, ஆருத்ரா தரிசனம், கூடாரவல்லி என்று மாதம் தானே நகர்கிறது. அதிலும் வெல்லக்காரருக்குக் கொடுத்துவைத்த மாதம் அது. ஜனவரி 3, ஆருத்ராவன்று திருவாதிரைக் களி. ஜனவரி 11, மார்கழி 27, கூடாரவல்லிக்கு அக்காரவடிசல். பிறகு தை முதல் நாள் சர்க்கரைப் பொங்கல். பன்னிரண்டு நாள் இடைவெளியில் மூன்று பண்டம். மூன்றும் வெல்லத்தால் ஆனவை.

பெரிய நிறுவனங்கள் விளம்பர ஏஜென்சி வைத்துத் தேடும் காரணங்கள் இந்தக் குடும்பத்துக்குப் பஞ்சாங்கத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் களிக்கான பதிவை மூன்றாம் தேதி காலையில் போட்டால் பயனில்லை. களி செய்பவர் வெல்லத்தை முன்பே வாங்கிவிட்டிருப்பார். பண்டிகைப் பதிவு எதுவானாலும், அந்தப் பண்டத்துக்குச் சாமான் வாங்கும் நாளைக் கணக்கிட்டுப் போட வேண்டும்.

இதிலிருந்து ஒரு யோசனை பிறக்கிறது. டிசம்பர் 20 முதல் 24 வரை, ‘திருவாதிரைக் களிக்கு’ என்று சொல்லி நாற்பது பார்சலுக்கு மட்டும் ஆர்டர் எடுக்கலாம். இது சிறிய விற்பனை. லாபம் பெரிதாக இராது. அதன் பயன் வேறு. அச்சு வெல்லம் வழியில் உடைகிறதா, பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்து ஒட்டிக்கொள்கிறதா, எறும்பு ஏறுகிறதா என்பதெல்லாம் இந்த நாற்பது பார்சலில் தெரிந்துவிடும். வெல்லம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் பண்டம். பனியும் மழையும் கலந்த டிசம்பரில் கட்டுமானம் சரியில்லையென்றால் கசிந்துவிடும். குறையைக் கண்டுபிடிக்க வேண்டியது நாற்பதில், நானூற்றில் இல்லை. கூடவே, ஜனவரி மூன்றாம் தேதி நாற்பது வீட்டு அடுப்பிலிருந்து களிப் படங்களும் வரும். பொங்கல் ஆர்டர் உச்சத்தில் இருக்கும் வாரத்தில், ஆலைக்காரர் தன் சரக்கைத் தானே புகழ்வதைவிட இந்தப் படங்கள் அதிகம் பேசும்.

படப்பிடிப்பைப் பொறுத்தவரை, எல்லாம் கார்த்திகையிலேயே முடிந்திருக்க வேண்டும். மார்கழியில் ஆலையும் ஓடும், பார்சலும் கட்ட வேண்டும். கேமரா பிடிக்க ஆள் இராது. டிசம்பர் முதல் வாரத்தில் வெயில் உள்ள இரண்டு காலைப் பொழுதுகள் போதும். மழை நாளை நம்ப முடியாது. சக்கை நனைந்தால் அடுப்பு எரியாது, ஆலையே நிற்கும். கரும்பு வெட்டுவது, சாறு பிழிவது, கொப்பரையில் ஆவி கிளம்புவது, வெண்டைச் செடியின் வழவழப்பான சாற்றை விட்டு அழுக்கை நுரையோடு அள்ளுவது, பாகை அச்சில் வார்ப்பது, அச்சைத் தட்டி வெல்லம் உதிர்ப்பது. இவற்றை ஃபோனை நட்டமாகப் பிடித்து, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து விநாடி வருமாறு எடுத்து வைக்கலாம். பின்னணி இசை எதையும் சேர்க்காமல், அங்கே கேட்கும் சத்தத்தையே விட்டுவிடுவது நல்லது. வேலையாட்கள் முகம் தெரியுமானால் முன்பே அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி டீசர். ‘விரைவில்...’ என்று எழுதி ஒரு துணியால் மூடிய பொருளைக் காட்டுவதை நான் டீசராகவே எண்ணுவதில்லை. திரைப்படத்துக்கு அது பொருந்தும். நாயகன் யார் என்று ஏற்கெனவே தெரியும். பெயர் தெரியாத ஆலைக்குப் பொருந்தாது. யாரும் காத்திருக்கவில்லை என்பதை ஒத்துக்கொண்டு, பார்ப்பவர் மனதில் ஒரு சின்னக் கேள்வியை எழுப்ப வேண்டும். மறுநாள் அதற்கு விடை தர வேண்டும்.

மார்கழி முதல் நாள், டிசம்பர் 16: கொப்பரையில் பாகு கொதித்துப் பொங்கி எழும் பன்னிரண்டு விநாடி. எழுத்து ஒரே வரி: ‘இது என்ன சத்தம்?’ 17-ஆம் தேதி விடை, ஆலை இருக்கும் ஊர்ப் பெயரோடு. 18-ஆம் தேதி, குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டுப் பாகு விழுகிறது. விரல் அதை உருட்டுகிறது. ‘இறக்கலாமா, இன்னும் கொதிக்கட்டுமா?’ அதிரசம் சுட்ட கைகள் எல்லாம் இதற்குப் பதில் எழுதும். பாகு உருண்டு கெட்டியாக நின்றால் இறக்கலாம் என்று மறுநாள் ஆலைக்காரரே சொல்லட்டும். இப்படி இரண்டு கேள்வி, இரண்டு விடை. 20-ஆம் தேதி களி ஆர்டர் அறிவிப்பு. டீசர் அதோடு முடிந்தது. முப்பது நாளும் டீசர் போட்டால் யாருக்கும் ஆவல் மிஞ்சாது.

இந்த நாட்களில் பார்வை எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. 19-ஆம் தேதி, தொழிலோடு தொடர்பில்லாத மூன்று பேரிடம் அந்த வீடியோக்களைக் காட்டி, ‘இவர்கள் என்ன விற்கிறார்கள், எப்படி வாங்குவது?’ என்று கேட்டுப் பார்க்கலாம். மூவரும் திணறினால் டீசர் அழகாக இருந்தும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். விலை எவ்வளவு என்று முன்பின் தெரியாத பத்துப் பேர் கேட்டிருந்தால், ஆயிரம் பேர் பார்த்ததைவிட அது நல்ல அறிகுறி.

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய இன்னொன்று வாட்ஸ்அப் தொடர்பானது. பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அதைவிட முக்கியம், உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். பழைய வாடிக்கையாளர் எண்கள் ஐந்நூறு கையில் இருக்கிறது என்று நம்பி, ஜனவரி முதல் தேதி செய்தி அனுப்பிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அதில் எத்தனை பேருக்குப் போனதென்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே டிசம்பரிலேயே, ‘எண்ணைச் சேமித்துக்கொண்டு பொங்கல் என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்’ என்று கேட்டு, பதில் வந்தவர்களை மட்டும் புதிதாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

டிசம்பர் 25-க்கும் 31-க்கும் நடுவில் எல்லோர் ஃபோனும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகளால் நிரம்பியிருக்கும். அந்த வாரம் கூவி விற்க ஏற்றதில்லை. ஒரே ஒரு நல்ல விளக்கப் பதிவுக்கு அது போதும். இந்த மாதத்தில் மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டிய பதிவும் அதுதான்: வெல்லத்தின் நிறம்.

கரும்புச் சாறு காய்ந்து வெல்லமானால் பழுப்பாகத்தான் இருக்கும். கடையில் நாம் தேடி வாங்கும் பளிச்சென்ற மஞ்சள், பல நேரங்களில் சாற்றை வெளுக்கச் செய்யச் சேர்க்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டால் வருவது. ஆலைகளில் அதை ஹைட்ரோஸ் என்பார்கள். எடை கூட்ட வெள்ளைச் சர்க்கரையைக் கலப்பதும் நடக்கிறது. பொங்கலை ஒட்டி உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளிலும் மண்டிகளிலும் சோதனை நடத்துவது நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி. ஆலைக்காரர் ஒரு மஞ்சள் அச்சையும் ஒரு பழுப்பு அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு நிமிடத்தில் இதைச் சொல்லலாம். மஞ்சள் நிறம் கேட்பது வாங்குபவர், அதனால் போடுவது ஆலை என்ற உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பதிவைத்தான் மக்கள் எடுத்து வைத்துக்கொள்வார்கள், குடும்பக் குழுக்களில் பகிர்வார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. மண்டிக்குப் போகும் சரக்கில் இதே குடும்பம் ஹைட்ரோஸ் போடுகிறது என்றால் இந்த வீடியோவை எடுக்கவே கூடாது. பக்கத்து ஆலைகளைப் பெயர் சொல்லித் தாழ்த்தவும் கூடாது. சொல்வதற்கு ஆதாரமாக, அந்தக் கொப்பரைச் சரக்கை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் முதலில் அதைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார்.

புத்தாண்டு நாள் மாலை ஆர்டர் திறக்கிறது. முதல் தேதி என்பதற்குக் காரணம் சம்பளம்தான். பல வீடுகளில் மளிகைப் பட்டியல் போடும் வாரம் அது. இங்கிருந்து கவுண்ட்டவுன் தொடங்கலாம். ‘பொங்கலுக்கு இன்னும் 30 நாள்’ என்று டிசம்பரிலேயே எண்ணத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, அந்த எண் யாரையும் அசைக்காது என்பதே. இலக்கம் ஒற்றையாகும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. எண்ண வேண்டியதும் பொங்கலை நோக்கியல்ல, ஆர்டர் முடியும் புதன்கிழமை மாலை ஆறு மணியை நோக்கி. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் கவுண்ட்டவுன் ஸ்டிக்கர் வைத்து அந்த நேரத்தைக் குறித்துவிட்டால், விரும்புகிறவர்கள் நினைவூட்டலைத் தட்டி வைத்துக்கொள்வார்கள். ஸ்டோரியும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால், தினமும் புதிதாக வைக்க வேண்டும்.

எண்ணிக்கை ஓடும்போது ஒவ்வொரு நாளும் எண்ணோடு ஒரு செய்தியும் போக வேண்டும். இரண்டாம் தேதி: ஒரு பார்சலில் என்ன இருக்கிறது, தபால் செலவு சேர்த்து என்ன விலை. மூன்றாம் தேதி சனிக்கிழமை: வீடுகளிலிருந்து வந்த களிப் படங்கள், அனுப்பியவர்களின் அனுமதியோடு. நான்காம் தேதி ஞாயிறு, வீட்டில் எல்லோரும் இருக்கும் நாள்: ‘ஊருக்குப் போகிறீர்களா? ஊர் முகவரியைக் கொடுங்கள், அங்கேயே அனுப்புகிறோம்.’ பூட்டிய வீட்டுச் சிக்கலுக்கு இந்த ஒரு வரியே மருந்து. ஐந்தாம் தேதி: பார்சல் கட்டும் கைகள், அதன் கூடவே அதுவரை வந்த ஆர்டர் எவ்வளவு என்ற உண்மையான எண். ஆறாம் தேதி: இதுவரை வந்த கேள்விகளுக்கு ஆலைக்காரரின் பதில். ஏழாம் தேதி மாலை ஆறுக்கு முடிவு.

முடிவென்றால் முடிவுதான். ‘பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க மேலும் இரண்டு நாள்’ என்று நீட்டினால், அவசரப்பட்டு முதலில் வாங்கியவர் ஏமாந்ததாக உணர்வார். அடுத்த ஆண்டு உங்கள் எண்ணிக்கையை ஒருவரும் நம்ப மாட்டார்கள். மாறாக, நான்காம் தேதியே 420 நிறைந்துவிட்டால் அன்றே நிறுத்திவிட வேண்டும். மீதி மூன்று நாளுக்கு வைத்திருந்த ஆர்டர் பதிவுகளை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஆலை வீடியோக்களைப் போடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிடும் வசதி நல்லதுதான். ஆனால் நம் ஊர் டிசம்பரை நினைவில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை தத்தளித்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் மூழ்கின. மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் மொட்டை மாடியில் நின்றவரின் ஃபோனில் ‘இது என்ன சத்தம்?’ என்று பாகு கொதித்தால், அதை அவர் மறக்க மாட்டார். எனவே, குறித்து வைத்த எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் நிறுத்தும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கு இருக்க வேண்டும். அவர் தினமும் காலைச் செய்தியைப் பார்த்த பிறகே அன்றைய பதிவு போக வேண்டும்.

எட்டாம் தேதிக்குப் பிறகு விற்க எதுவும் இல்லை. ஆனால் வாங்கியவர்களின் பண்டிகை இனிமேல்தான். ஒன்பதாம் தேதி அக்காரவடிசல் பக்குவம், 11-ஆம் தேதி கூடாரவல்லிக்காக. 13-ஆம் தேதி செவ்வாய் மாலை போடும் பதிவுதான் இந்த மாதத்தின் கடைசிப் பெரிய பதிவு: சர்க்கரைப் பொங்கல் தவறாமல் வர என்ன செய்வது. அரிசியும் பருப்பும் குழைந்த பிறகே வெல்லம் சேர்க்க வேண்டும். வெல்லம் விழுந்துவிட்டால் அரிசி அதற்கு மேல் வேகாது. ஒரு கப் அரிசிக்குக் கால் கப் பாசிப்பருப்பு, இரண்டு கப் வெல்லம் என்பது பல வீட்டு அளவு. வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். பால் சேர்ப்பவர்கள், கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும். தீயை அணைத்து, சூடு தணிந்தபின் கலக்க வேண்டும். இதை ஏன் 13-ஆம் தேதியே போட வேண்டும் என்றால், 14-ஆம் தேதி போகி, வீடு முழுக்க வேலை. 15-ஆம் தேதி காலை பானை பொங்கும் நேரத்தில் யாரும் ஃபோனைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் நூறு வாழ்த்துப் படங்களுக்குள் உங்களுடையது நூற்றொன்றாவதாகக் கிடக்கும்.

ஆகையால் பொங்கலன்று ஒரே ஒரு படம். ஆலை வாசலில் அவர்கள் வீட்டுப் பானை. விலையில்லை, எண்ணில்லை, தள்ளுபடியில்லை. மறுநாள் மாட்டுப் பொங்கல் இந்தக் குடும்பத்தின் சொந்த நாள். கழுவிக் கொம்புக்கு வண்ணம் தீட்டிய மாடுகளும், வாடிக்கையாளர்கள் அனுப்பிய பொங்கப்பானைப் படங்களும் அன்று வரட்டும். காணும் பொங்கல் முடிந்த கையோடு, மாதம் முழுக்க வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த மார்கழிக்கான பாதித் திட்டம் தயார்.

வாங்குகிற நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சிறிய ஆலைகளிடமும் வீட்டுத் தொழில்களிடமும் வாங்குவதாக இருந்தால், ஜனவரி முதல் வாரத்திலேயே ஆர்டர் கொடுங்கள். பொங்கலன்று நீங்கள் இருக்கப்போகும் ஊர் எதுவோ அந்த முகவரியைக் கொடுங்கள். பழுப்பு நிற வெல்லம் வந்தால், மஞ்சளாக இல்லையே என்று திருப்பி அனுப்பாதீர்கள்.